மூன்று ஓட்டோ வேண்டாம், இரண்டோடு தொடங்குங்கள்: திருகோணமலைக் கணக்கு

"அண்ணா, கட்டாரிலிருந்து திரும்பி வந்து இப்போது திருகோணமலையில்தான் இருக்கிறேன். கையில் 20 இலட்சம் இருக்கிறது. லீசிங்கில் மூன்று ஓட்டோ எடுத்து, சாரதிமாரை வைத்து ஓடவிட யோசனை. முடிந்தால் ஒரு காரும். லீசிங், பெற்றோல், ரிப்பேர் எல்லாம் போக மாதம் என்ன மிஞ்சும்? எதை முதலில் பார்க்க வேண்டும்?"

தம்பி, மூன்றையும் லீசிங்கில் எடுத்தால் லீசிங் முடியும் வரைக்கும் ஒன்றும் மிஞ்சாது. மாரி மாதங்களில் உங்கள் பொக்கற்றிலிருந்துதான் தவணை போகும். ஒரு ஓட்டோவை முழுக்காசு கொடுத்து வாங்குங்கள். இரண்டாவதைப் பாதி முற்பணம் கட்டி லீசிங்கில் எடுங்கள். மிச்சம் 2 இலட்சத்தை வங்கியில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். மூன்றாவதைப் பற்றி ஒரு மாரியைத் தாண்டிய பிறகு யோசிக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பலர் இந்தத் தொழிலை "ஒரு நாள் வாடகை இவ்வளவு, முப்பதால் பெருக்கு" என்று தொடங்குகிறார்கள். லீசிங் கம்பனிக்கு மாதத்தில் முப்பது நாளும் உண்டு. உங்களுக்கு ஓட்டோ ஓடிய நாள் மட்டும்தான் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் ஓட்டோ பறிபோகிறது. பெற்றோல் விலையும் ரிப்பேரும் அதற்குப் பிறகுதான்.

கணக்குக்கு வருவோம். கீழே நான் வைக்கிற விலைகள் எடுத்துக்காட்டுக்கு. நீங்கள் பார்க்கிற வண்டியின் விலையையும் இன்றைய பெற்றோல் விலையையும் அந்த இடத்தில் போட்டு இதே வழியில் திரும்பப் பாருங்கள்.

முதலில் சாரதியின் நாள். அவருக்குக் கட்டுப்படியாகாவிட்டால் உங்களுக்கு வாடகை வராது. ஒரு நான்கு ஸ்ட்ரோக் ஓட்டோ நகரத்துக்குள் ஒரு நாளைக்கு 90 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். பஸ் நிலையம், உவர்மலை, ஆஸ்பத்திரி, இடையில் உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ ஒரு ஹயர். இந்த 90 இல் ஆள் இருந்து ஓடியது 55 அளவில்தான் இருக்கும். மிச்சம் வெறும் ஓட்டம். நிலாவெளிக்கு ஆளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வரும்போது சீற் காலி. ஆள் ஓட்டத்துக்குக் கிலோமீற்றருக்குச் சராசரி 85 ரூபா என்றால் வரவு 4,700 க்குச் சற்றுக் குறைவு. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் கிடைத்தால் பெற்றோல் 3.6 லீற்றர், லீற்றர் 300 என்று பார்த்தால் 1,080. உங்கள் வாடகை 1,300. சாரதி வீட்டுக்குக் கொண்டுபோவது 2,300 அளவு. சாப்பாடு, தேநீர் அதற்குள்தான். இதற்கு மேல் வாடகை கேட்டால் நல்ல சாரதி நிற்கமாட்டார். நிற்கிறவர் வண்டியைப் பிழிந்து எடுப்பார்.

இனி லீசிங். ஓட்டோ விலை 12 இலட்சம், நீங்கள் 6 கட்டி 6 இலட்சத்துக்கு லீசிங் போடுகிறீர்கள், 36 மாதம். கவுண்டரில் இருக்கிறவர் "பத்து வீதம்தான் சேர்" என்பார். அது பிளாட் வட்டி. 6 இலட்சத்துக்குப் பத்து வீதம் வருடம் 60,000, மூன்று வருடத்துக்கு 1,80,000. மொத்தம் 7,80,000 ஐ 36 ஆல் பிரித்தால் மாதம் 21,667. இப்போது இதே கடனைக் குறைந்து செல்லும் மீதிக்கு 18 வீத வட்டியில் கணக்குப் போட்டுப் பாருங்கள், தவணை 21,690 வரும். அதாவது அவர் சொன்ன பத்தும் இந்தப் பதினெட்டும் ஒன்றுதான். மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே போகிறீர்கள், ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு 6 இலட்சத்துக்கும் ஓடுகிறது. ஆகவே இரண்டு கம்பனிகளை ஒப்பிடும்போது வீதத்தைக் கேட்காதீர்கள். "மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், முதல் நாள் கட்டவேண்டிய மற்றச் செலவு எவ்வளவு" என்று மூன்றை மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

"60 மாதம் போட்டால் தவணை குறையுமே" என்று தோன்றும். குறையும்தான், மாதம் 15,200 அளவுக்கு வரும். ஆனால் மொத்த வட்டி 1,81,000 இலிருந்து 3,14,000 க்கு ஏறிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் வண்டியின் விலை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் ஓடி முடிந்த ஓட்டோவுக்கும் இங்கே விலை ஏறியது. 2025 இல் இறக்குமதி திறந்துவிட்டது. இனிப் பழைய வண்டி அந்த உயர்ந்த விலையில் ஐந்து வருடம் நிற்கும் என்று நம்பி ஐந்து வருடக் கடன் எடுப்பது சூது. மூன்று வருடத்தில் கட்டி முடிகிற அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டியின் பெறுமதியில் எத்தனை வீதம் வரைக்கும் லீசிங் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. முச்சக்கர வண்டிக்கு 2017 இல் அதை 25 வீதத்துக்குக் குறைத்தார்கள், பிறகு மாற்றினார்கள். நீங்கள் போகிற வாரத்தில் என்ன வீதம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். அந்த வீதமும் நீங்கள் பேசிய விலைக்கு இல்லை, மதிப்பீட்டாளர் எழுதித் தருகிற பெறுமதிக்குத்தான். நீங்கள் 12 க்குப் பேசிய வண்டிக்கு அவர் 11 எழுதினால், பாதி என்பது ஐந்தரை. அந்த அரை இலட்சத்தை உங்கள் கைக்காசில் போட வேண்டிவரும். "மிச்சத்தைத் தனிக் கடனாகத் தாறோம்" என்பார்கள். அந்தக் கடனின் வட்டி வேறு மாதிரி இருக்கும், கையொப்பம் வைக்காதீர்கள்.

சரி, இப்போது வருடம் முழுக்கப் பார்ப்போம். திருகோணமலைக்கு மூன்று பருவம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் ஆட்கள், புறாத்தீவுக்குப் போகிறவர்கள், கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவுக்கும் பஸ் பஸ்ஸாக வருகிற சனம். இந்த ஐந்து மாதமும் வண்டி 26 நாள் ஓடும், வாடகையை 1,500 ஆக்கினாலும் சாரதி முகம் சுளிக்கமாட்டார். பெப்ரவரி, மார்ச், ஏப்ரல், ஒக்டோபர் சாதாரண மாதங்கள், 24 நாள், 1,300. நவம்பர், டிசம்பர், ஜனவரி வாடைக்காற்று மழை. 18 நாள் ஓடினாலே நல்லது, வாடகை 1,000 க்கு மேல் கேட்க முடியாது.

கூட்டினால் ஒரு ஓட்டோவுக்கு வருட வாடகை 3,73,800 ரூபா, ஓடிய நாள் 280. செலவில், ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் பராமரிப்புக்கு என்று 300 ரூபா ஒதுக்குங்கள், அது 84,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் சேர்த்து மாதம் 3,500 படி 42,000. மிஞ்சுவது 2,47,800. வண்டி உங்கள் முழுக்காசில் வாங்கியது என்றால் இது உங்களுக்கு. லீசிங் வண்டி என்றால் தவணை மாதம் 21,700 படி 2,60,400 போகும். வருடக் கடைசியில் 12,600 குறைகிறது.

வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம்தானே, மூன்று வருடத்தில் ஓட்டோ சொந்தமாகிவிடுமே என்று கேட்பீர்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரம் வருடத்தில் சமமாகப் பரவி வருவதில்லை. சீசன் மாதத்தில் லீசிங் வண்டி ஒன்று உங்களுக்கு 6,000 தரும். மாரி மாதத்தில் அதே வண்டி 12,600 கேட்கும். நீங்கள் நினைத்த மாதிரி மூன்று லீசிங் வண்டி இருந்தால், நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்திலும் மாதத்துக்கு 37,800, மொத்தம் 1,13,400 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். சீசனில் வந்த 90,000 ஐ ஒரு சதமும் தொடாமல் வைத்திருந்தாலும் போதாது. யார் வைத்திருப்பார்? ஒகஸ்டில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கியிருப்போம், செப்டெம்பரில் ஒரு கலியாண வீடு வந்திருக்கும்.

நான் சொன்ன இரண்டு வண்டித் திட்டத்தில், மாரி மாதத்தில் முழுக்காசு ஓட்டோ 9,100 தரும், லீசிங் ஓட்டோ 12,600 கேட்கும். குறைவது மாதம் 3,500. அது தாங்கக்கூடிய காசு. வருடத்துக்கு மொத்தமாக 2,35,200 மிஞ்சும், மாதம் இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் உங்கள் சொந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லை என்பதையும் பாருங்கள். இதை மட்டும் நம்பி வீடு நடத்த முடியாது. நீங்களே ஒரு வண்டியை ஓட்டினால் கதை வேறு. சாரதி கொண்டுபோகிற அந்த 2,300 உங்கள் வீட்டுக்கு வரும். முதல் வருடத்துக்கு அதைத்தான் செய்யச் சொல்வேன். வண்டியும் படியும், எந்தத் தரிப்பிடத்தில் எந்த நேரம் ஆள் வரும் என்பதும் படியும்.

இனி நிற்கும் நாட்கள். ஒரு கொப்பியில் வண்டி நின்ற நாளுக்கு நேரே ஏன் நின்றது என்று ஓர் எழுத்துப் போட்டு வைத்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். வண்டி பழுதாகி நின்ற நாள் நினைப்பதைவிடக் குறைவு. சாரதி வராததால் நின்ற நாள்தான் கூட. செத்த வீடு, கோயில் திருவிழா, காய்ச்சல், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம், அல்லது முதல் நாள் இரவு கொஞ்சம் கூடிப்போனது. இவற்றைத் திட்டித் தீர்க்க முடியாது, மாற்று ஆள்தான் வேண்டும். இரண்டு வண்டிக்கு மூன்றாவதாக ஒரு சாரதியைத் தெரிந்து வையுங்கள். முழுநேர வேலை தேவையில்லாத ஆள், உதாரணத்துக்குக் கடற்றொழிலுக்குப் போகாத நாட்களில் ஓட்டக்கூடியவர். முச்சக்கர வண்டி ஓட்டும் வகை அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் பதிந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரு முஸ்லிம் சாரதியும் ஓர் இந்துச் சாரதியும் இருந்தால் பெருநாளும் தீபாவளியும் ஒரே நாளில் இரண்டு வண்டியையும் நிறுத்தாது. எங்கள் ஊரில் அது இயல்பாக அமையக்கூடியதுதானே.

மாரியில் வாடகையைக் குறைப்பது பற்றி ஒரு சொல். பலர் குறைக்கமாட்டார்கள். "லீசிங்காரன் குறைக்கிறானா" என்பார்கள். மழை நாளில் 1,300 கட்ட முடியாது என்று தெரிந்தால் சாரதி வண்டியை எடுக்கவே மாட்டார். மாதத்தில் 12 நாள்தான் ஓடும் என்று வையுங்கள், 15,600. பராமரிப்புக்கு 3,600 எடுத்தால் 12,000. 1,000 ஆக்கி 18 நாள் ஓடினால் 18,000 இல் 5,400 போக 12,600. வித்தியாசம் 600 ரூபாதான். ஆனால் முதல் வழியில் அந்தச் சாரதி ஜனவரியில் வேறு முதலாளியிடம் போயிருப்பார், மேயில் சீசன் தொடங்கும்போது உங்களிடம் ஆள் இருக்காது. நவம்பர் முதலாம் திகதியிலிருந்து ஜனவரி முடியும் வரை இந்த வாடகை, மே முதலாம் திகதியிலிருந்து இந்த வாடகை என்று முதல் நாளே பேசி எழுதி வையுங்கள். சீசனில் ஏற்றும்போது சண்டை வராது.

அடை மழையில் தெருவில் வெள்ளம் நிற்கிற நாளுக்கு வாடகையே கேட்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த நாட்களைப் போல ஒரு வாரம் வந்தால் வண்டி வீட்டில் நிற்பதுதான் இலாபம். அந்தத் தண்ணீரில் ஓடி வந்த ஓட்டோவுக்கு நீங்கள் கொடுக்கிற விலையை ஒரு வார வாடகையால் ஈடுகட்ட முடியாது.

சாரதிக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு வண்டிக்கு வேண்டாம். மாதச் சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், சாரதியின் பங்கு 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், எல்லாம் ஒழுங்காகக் கட்ட வேண்டும். அதோடு நாள் வரவை யார் எண்ணிப் பார்ப்பது? வருகிற காசைப் பங்கு போடுகிற முறையிலும் இதே சிக்கல்தான், தினமும் சந்தேகம். நாள் வாடகையில் பெற்றோல் சாரதியுடையது, வரவு சாரதியுடையது, பெரிய ரிப்பேர் உங்களுடையது. பஞ்சர், பல்ப் மாதிரிச் சின்ன விஷயம் யாருடையது என்பதை மட்டும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள், மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும். வாடகையை வாரம் ஆறு நாளுக்கு வாங்கி, ஏழாவது நாளை அவருக்கே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நல்ல சாரதி ஒருவரைப் பிடித்து வைக்க அது மலிவான வழி. எண்ணி ஏற்க முடியுமென்றால் செய்யுங்கள், மேலே நான் 26 நாள் என்று போட்டது அதற்கும் இடம் வைத்துத்தான்.

பெற்றோல் சாரதியின் செலவு என்பதால் உங்களுக்குக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். விலை 300 இலிருந்து 350 ஆனால் அவருக்கு ஒரு நாளைக்கு 180 ரூபா குறைகிறது. ஹயர் காசு உடனே ஏறாது, சனம் பழைய காசைத்தான் நீட்டும். விலை 25 ரூபாவுக்கு மேல் ஏறினால் அடுத்த இரண்டு வாரத்துக்கு வாடகையில் 100 குறைப்பது, பிறகு பழையபடி, என்று ஒரு முறை வைத்திருங்கள். 2022 இல் பட்டது ஞாபகம் இருக்கும். அந்த ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். 125 கிலோமீற்றர், ஒன்றரை நாள் ஓட்டம். வாரத்தில் மிச்ச நாட்கள் வண்டி நின்றது, தவணை நிற்கவில்லை. வங்கியில் போட்டு மறக்கச் சொன்ன அந்த 2 இலட்சம் இப்படியான நாளுக்குத்தான்.

பெற்றோல் உங்களுக்கு வேறு ஒரு விதத்திலும் உதவும். வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அதில் தெரியும். வாரத்தில் ஒரு நாள் டாங்கை நிரப்பி மீற்றரைக் குறிக்கச் சொல்லுங்கள், அடுத்த வாரம் திரும்ப நிரப்பும்போது எத்தனை லீற்றர் போனது என்று பாருங்கள். 25 கிடைத்த வண்டி 21 க்கு வந்துவிட்டால் சாரதியைக் குறை சொல்வதற்கு முன் வண்டியைச் சமதரையில் நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். இலேசாக உருளாவிட்டால் பிரேக் சூ பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது டயரில் காற்றுக் குறைவு. நன்றாக உருண்டால் காற்று வடியைக் கழற்றிப் பாருங்கள், நிலாவெளிப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு அது மணலால் அடைபட்டிருக்கும். இரண்டும் இல்லை, எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் தேய்ந்துவிட்டது.

பராமரிப்பில் மற்ற ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு தலையிடி எங்களுக்கு உண்டு, உப்புக்காற்று. எஞ்சினைத் திரும்பக் கட்டலாம். தரைத்தகடும் சேஸியும் துருப்பிடித்தால் ஒட்டுப் போட்டே காசு முடியும். பழைய ஓட்டோ பார்க்கப் போகும்போது எல்லோரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கேட்பார்கள். நீங்கள் முதலில் சாரதியின் காலடியில் இருக்கிற றபர் விரிப்பைத் தூக்குங்கள். கீழே புதுப் பெயின்ற் அடித்திருந்தால் ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், உள்ளே உக்கியது மொத்தென்று கேட்கும். பின் சில்லுக்கு மேலே சஸ்பென்ஷன் பூட்டியிருக்கிற இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அங்கே இரண்டாம் தடவை வெல்ட் பிடித்த வண்டியை 9 இலட்சத்துக்குத் தந்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. கடற்கரைப் பக்கம் ஓடிய நாள் பொழுதுபட வண்டியின் அடியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சாரதிகள் மேலே பளபளவென்று துடைப்பார்கள், அடியைத் தொடமாட்டார்கள். வருடத்தில் ஒரு தடவை, ஒக்டோபர் நடுவில், அடித்தகட்டுக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். எஞ்சின் ஒயிலை ஹயர் ஓட்டோவுக்கு 3,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. மேலே சொன்ன ஓட்டத்துக்கு அது ஐந்து வாரத்துக்கு ஒரு முறை வரும். கிளச் கேபிள், அக்சிலேற்றர் கேபிள், பிரேக் சூ, ஒரு ரியூப், இந்த நான்கையும் வாங்கி வீட்டில் வையுங்கள். சில நூறு ரூபாக் கேபிள் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் அறுந்து, கடை பூட்டியிருப்பதால் ஒரு நாள் வாடகை போவது எவ்வளவு முட்டாள்தனம் என்று பாருங்கள்.

தண்ணீரில் இறங்கி வந்த வண்டி என்றால், சாரதி "ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னாலும் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே கராஜுக்குப் போங்கள். ஒயில் மாற்றுகிற காசோடு முடிய வேண்டியது, ஒரு மணி நேரம் ஓட்டினால் எஞ்சின் கழற்றுகிற காசுக்குப் போய்விடும். பிரேக் டிரம்முக்குள்ளும் தண்ணீர் நிற்கும். அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் கழற்றித் துடைக்கவேண்டும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றதும் சொல்கிறேன். மாதக் காசுக்கு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஓட்டம் ஒன்று இருந்தால் சாரதிக்கு மாரியிலும் நிலையான காசு வரும், மழையிலும் வண்டியை எடுப்பார். விடுமுறை மாதத்தில் பாதிக் காசா முழுக் காசா என்பதை பெற்றோரிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் பிள்ளைகளை அடுக்க விடாதீர்கள். பொலிஸ் பிடிப்பது ஒரு பக்கம், விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்கிறது எத்தனை பேர் இருந்தார்கள் என்றுதான்.

காப்புறுதி என்றால், பத்திரத்தில் வாடகைப் பாவனை என்று இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். தனிப்பட்ட பாவனை என்று எழுதினால் கட்டுப்பணம் குறையும், முகவரே அப்படிச் சொல்லிக் கொடுப்பதும் உண்டு. ஹயர் ஓட்டத்தில் அடிபட்ட வண்டிக்கு அந்தப் பத்திரத்தால் ஒரு ரூபாவும் வராமல் போகலாம். தரிப்பிடமும் அப்படித்தான், வாங்குவதற்கு முன் பேச வேண்டிய விஷயம். நல்ல தரிப்பிடங்களில் சங்கம் இருக்கும், புது வண்டிக்கு இடம் கிடைக்காது. ஏற்கனவே இடம் இருக்கிற சாரதியைப் பிடித்தால் உங்கள் வண்டி அவரோடு உள்ளே போகும்.

காரை விட்டுவிடுங்கள். இங்கே காருக்கு ஹயர் என்றால் கொழும்பு, கட்டுநாயக்கா ஓட்டமும் சீசன் உல்லாசப் பயணிகளும்தான். அவர்களை ஹோட்டல்காரர் தங்களுக்குத் தெரிந்த வான்காரருக்குக் கொடுத்துவிடுவார். தவணை ஓட்டோவினதைப்போல் பல மடங்கு, நிற்கும் நாள் அதைவிடக் கூட.

ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாரியில் இரண்டாவது வண்டியின் தவணை ஒன்று பிந்தும். அப்போது முழுக்காசுக்கு வாங்கிய ஓட்டோவின் புத்தகத்தைக் கொண்டுபோய் அதை ஈடு வைத்து ஸ்பீட் ட்ராஃப்ட் என்கிற கடன் எடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அரை மணி நேரத்தில் காசு தருவார்கள். அன்றோடு உங்களுக்குத் தவணை இல்லாத வண்டி என்று ஒன்று இல்லாமல் போகும், மேலே போட்ட கணக்கு முழுக்க அந்த ஒரு வண்டியை நம்பித்தான் நிற்கிறது. தவணை பிந்தும் என்று தெரிந்தால் திகதிக்கு முன்பே லீசிங் கம்பனிக்குப் போய் மாரி மூன்று மாதத்துக்குத் தவணையைக் குறைத்து சீசனில் கூட்டித் தரமுடியுமா என்று கேளுங்கள். ஒப்பந்தம் போடும்போதே கேட்டால் இன்னும் நல்லது, எல்லோரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் கேட்பதற்குக் காசில்லை.

வாங்குகிற மாதம் மார்ச்சாக இருக்கட்டும். முழுக்காசு வண்டியை முதலில் எடுத்து நீங்களே ஓட்டுங்கள். ஏப்ரல் புதுவருடம் கழிந்ததும் லீசிங் வண்டியைப் போட்டால் முதல் தவணை மேயில் விழும், அதற்குப் பிறகு ஐந்து சீசன் மாதம் கையில் இருக்கும். அந்த ஐந்து மாதத்தில் லீசிங் வண்டி தருகிற 30,000 ஐ தனிக் கணக்கில் போடுங்கள். நவம்பர் தொடங்கி அந்த வண்டி கேட்கப்போவது 37,800, மிச்சத்தை மற்ற வண்டி பார்த்துக்கொள்ளும். ஒக்டோபரில் யாராவது "சும்மா நிற்கிற ஓட்டோ, கொஞ்சம் குறைத்துத் தாறன்" என்று வந்தால், முழுக்காசு கையில் இருந்தால் மட்டும் போய்ப் பாருங்கள்.